9 வாட் என்றால் எவ்வளவு வெளிச்சம்?

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் லைன் வீடுகள் எதிரெதிராக நிற்கும் ஒரு சந்து. பொழுது சாயும் நேரத்தில் நான் போனபோது, ஓரமாக இருந்த வீட்டு வாசற்படியில் அந்த அக்கா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த டி-ஷர்ட்டுகள் மூட்டையாக அவர் வீட்டுக்கு வருகின்றன. கழுத்து, கை, அடிமடிப்பு என்று தையல் முடியும் இடங்களிலெல்லாம் தொங்கும் நூல்முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி, ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் தனியே எடுத்து வைத்து, காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி பீஸ் கணக்கு. வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் வேலை நடக்கும், பிறகு வீட்டுக்குள்ளே.

"வெள்ளைப் பீஸ் வந்தாச் சிரமமில்லைங்க தம்பி. கறுப்பு வந்துட்டாத்தான் ராத்திரி ஓடாது. கறுப்புத் துணியில கறுப்பு நூலு, கண்ணை நோண்டிப் பாக்க வேண்டியிருக்கு. பெரிய வாட்டுப் பல்பு ஒண்ணு வாங்கிப் போடணும்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய பத்துக்குப் பத்து அறை, மேலே சிமெண்ட் அட்டைக் கூரை. கதவு நிலைக்கு மேலே சுவரில் ஒரு பேக்லைட் ஆங்கிள் ஹோல்டர். அதில் 9 வாட் எல்இடி பல்பு எரிந்தது. அக்கா வழக்கமாக உட்காரும் இடம் எதிர்ச்சுவருக்குக் கிட்டே, அங்கே இருக்கும் டிவியைப் பார்த்தபடி. அதாவது பல்பு அவருக்கு முதுகுப்பக்கம் இருக்கிறது. குனிந்து வேலை செய்யும்போது அவர் தலை நிழல் மடியில் கிடக்கும் துணி மேலேயே விழுகிறது. இந்த அறைக்கு எந்தப் பல்பு சரி என்று பார்ப்பதற்காக அவரையும் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் எலக்ட்ரிக்கல் கடைக்கு நடந்தேன்.

கடைக்காரர் முதலில் கேட்டது வாட்டையல்ல. "பின்னுங்களா, ஸ்க்ரூங்களா?" என்றார். பல்பு வாங்கப் போகிறவர் வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டிய முதல் விஷயம் இதுதான். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பின் ஹோல்டர். பல்பின் அடியில் இருக்கும் உலோகக் குழாயின் இரு பக்கமும் இரண்டு சிறு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தித் திருப்பினால் ஹோல்டரின் வளைந்த பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பெட்டியில் இதை பி22 என்று அச்சடித்திருப்பார்கள். 22 என்பது அந்தக் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். ஸ்க்ரூ வகை இ27. அதுவும் விட்டம்தான், 27 மில்லிமீட்டர், மரை போட்டது. அலங்கார விளக்குகளிலும் வெளிநாட்டிலிருந்து வரும் மேசை விளக்குகளிலும் அதுதான் இருக்கும். மெழுகுவத்தி வடிவத்தில் வரும் சின்னப் பல்புகளுக்கு இ14.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஓட்டும் பழைய தையல் மெஷின் தலையில் ஒரு குட்டி பல்பு இருக்குமே, அது இ14 ஆகவோ பி15 ஆகவோ இருக்கும். பி15 என்பது பின் பல்பின் சின்ன வடிவம், 15 மில்லிமீட்டர். கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அலைய வேண்டியதில்லை.

ஹோல்டரையும் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது நியாயம்தான். பின் ஹோல்டருக்குள் இரண்டு ஸ்பிரிங் முனைகள் இருக்கும். பல்பின் அடியில் தெரியும் இரண்டு ஈயப் பொட்டுகளை அவை அழுத்திப் பிடிக்க வேண்டும். நூறு வாட் குண்டு பல்பு வருஷக்கணக்கில் எரிந்த ஹோல்டரில் அந்த ஸ்பிரிங் சூட்டிலேயே தளர்ந்து போயிருக்கும். புதுப் பல்பு மாட்டினாலும் விட்டுவிட்டு எரியும், "சிர்" என்று சத்தம் வரும், ஈயப் பொட்டு கருகிப்போகும். பல்புதான் கெட்டது என்று நினைத்து இரண்டாவது, மூன்றாவது பல்பு வாங்குகிறவர்கள் உண்டு. பல்பை லேசாக அசைக்கும்போது வெளிச்சம் போய்ப்போய் வந்தால் குற்றம் பெரும்பாலும் ஹோல்டரில். புது ஹோல்டர் ஒன்று பல்பை விட மலிவு.

"9 வாட்டு பத்தலைங்க, 12 வாட்டு குடுங்க" என்றார் அக்கா.

கடைக்காரர் 9 வாட் பெட்டிகள் இரண்டை எடுத்து மேசை மேல் வைத்தார், வேறு வேறு கம்பெனி. ஒன்றில் 800 லூமென் என்று இருந்தது, இன்னொன்றில் 950. இரண்டுக்கும் வாட் ஒன்றே. "மாடு திங்கற தீனி வாட்டுங்க அக்கா. கறக்கற பால் லூமெனுங்க. நீங்க தீனியைக் கேட்டுட்டு மாடு வாங்குறீங்க" என்றார். இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரம், கரண்ட் பில்லுக்கான எண். லூமென் என்பது பல்பிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். பெட்டியின் முன்பக்கம் பெரிதாக வாட் இருக்கும், பின்பக்கமோ பக்கவாட்டிலோ சின்னதாக லூமென் இருக்கும்.

வாட்டைப் பார்த்து வெளிச்சத்தைச் சொல்லும் பழக்கம் குண்டு பல்பு காலத்தில் வந்தது. அப்போது அது தவறுமில்லை. எந்தக் கம்பெனி 60 வாட் பல்பானாலும் ஏறக்குறைய 700 லூமென், 100 வாட் பல்பானால் ஏறக்குறைய 1350. கம்பியைச் சூடாக்கி வெளிச்சம் எடுப்பதில் ஒருவர் இன்னொருவரை மிஞ்ச அதிகம் வழி இல்லை. எல்இடியில் அப்படியல்ல. நீல ஒளி தரும் ஒரு சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை வெளிச்சம் எடுக்கிறார்கள். சில்லின் தரம், பாஸ்பர், மேலே மூடியிருக்கும் பால்நிறக் கவசம், உள்ளே கரண்ட்டை மாற்றித் தரும் டிரைவர் என்று ஒவ்வொன்றிலும் வெளிச்சம் கூடும், குறையும். அதனால் லூமெனை வாட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். 800ஐ 9ஆல் வகுத்தால் வாட்டுக்கு 89 சொச்சம். 950 என்றால் 105க்கு மேல். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையும் இந்த வகுத்தலைத்தான் காட்டுகிறது. ஃபிரிட்ஜிலும் ஃபேனிலும் பார்க்கும் அதே முத்திரைதான்.

கடையின் ஓரத்தில் ஒரு அட்டைப் பெட்டி நிறைய, தனித்தனிப் பெட்டி இல்லாத பல்புகளும் கிடந்தன. விலை பாதிதான். பல்பின் கழுத்தில் வாட் மட்டும் அச்சாகியிருந்தது. லூமென் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, தர நிறுவனப் பதிவு எண் இல்லை. எல்இடி பல்புக்கு இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு கட்டாயம். பாதுகாப்புத் தரம் ஐஎஸ் 16102. பெட்டியிலோ பல்பிலோ ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாத பல்பில் 9 வாட் என்று எழுதியிருப்பதை நம்ப ஒரு காரணமும் இல்லை.

விலை குறைந்ததே தரம் குறைந்ததற்கு அடையாளம் என்றும் சொல்லிவிட முடியாது. 2015 ஜனவரி 5 அன்று மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. ஈஈஎஸ்எல் நிறுவனம் நாடு முழுவதற்குமாக மொத்தமாக ஏலம் விட்டு வாங்கியபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அந்தத் திட்டத்துப் பல்புகளுக்கு அளவும் சோதனையும் நிபந்தனையாக இருந்தன. பெட்டியில்லாத பல்புக்கு அப்படி எதுவும் கிடையாது.

அக்கா மனதில் கரண்ட் பில் இருந்தது. லைன் வீட்டில் அவருக்குத் தனி சப் மீட்டர், வீட்டுக்காரர் யூனிட் கணக்கில் வாங்கிக்கொள்கிறார். "12 வாட்டுன்னா பில்லு ஏறுமில்லைங்க?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 60 நாள், மொத்தம் 360 மணி நேரம். பழைய 60 வாட் குண்டு பல்பானால் 21.6 யூனிட் ஆகியிருக்கும். 9 வாட் எல்இடிக்கு 3.24 யூனிட். 12 வாட்டுக்கு 4.32. ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் சொச்சம்தான் வித்தியாசம். குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு மாறியதில் மிச்சம் பெரியது. எல்இடிக்குள்ளே ஒன்றிரண்டு வாட் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் மிச்சம் எதுவும் இல்லை. கண் வலிக்க ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால், அந்த மணி நேரத்தில் குறையும் பீஸ்களின் கூலி இதைவிட அதிகம்.

1200 லூமென் தரும் 12 வாட் பின் பல்பு ஒன்றை வாங்கினோம். ஆனால் அதைப் பழைய ஹோல்டரிலேயே மாட்டினால் அக்காவின் கறுப்பு டி-ஷர்ட் பிரச்சினை தீராது என்று வழியிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். லூமென் என்பது பல்பை விட்டுப் புறப்படும் வெளிச்சம். மடியில் கிடக்கும் துணிக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பது வேறு கணக்கு, அதற்கு லக்ஸ் என்று பெயர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். பத்துக்குப் பத்து அறை என்றால் ஏறக்குறைய 9 சதுர மீட்டர். 900 லூமென் பல்பின் வெளிச்சத்தில் பாதியாவது சுவரிலும் கூரையிலும் வீணாகிவிடும். மீதியைத் தரை முழுக்கப் பரப்பினால் 50 லக்ஸ். நடமாட, சாப்பிட, டிவி பார்க்க இது போதும். ஐரோப்பிய நாடுகள் வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் இஎன் 12464 தரத்தில் தையலுக்கு 750 லக்ஸ், துணியில் குறை பார்க்க 1000 லக்ஸ். பெரிய கம்பெனிகளின் செக்கிங் டேபிளுக்கு மேல் டியூப்லைட்டுகளை அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு நெருக்கமாகத் தொங்கவிட்டிருப்பது இதற்காகத்தான். அங்கே 1000 லக்ஸில் பார்க்க வேண்டிய அதே துணியை இங்கே 50 லக்ஸில் பார்க்கச் சொல்கிறோம். அதிலும் கறுப்புத் துணி தன் மேல் விழும் வெளிச்சத்தில் மிகக் கொஞ்சத்தைத்தான் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைப் பனியனில் 50 லக்ஸில் தெரிகிற பிசிறு கறுப்பில் தெரியாமல் போவது அக்காவின் கண் கோளாறு அல்ல.

இந்த இடைவெளியை வாட்டைக் கூட்டி அடைக்க முடியாது. 750 லக்ஸை அறை முழுக்கக் கொண்டுவர வேண்டுமென்றால் பதினைந்து பல்பு போட வேண்டியிருக்கும். ஆனால் அக்காவுக்கு வெளிச்சம் வேண்டிய இடம் ஒரு முழ அகலம்தான். பல்பைக் கிட்டே கொண்டுவந்தால் போதும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. 900 லூமென் பல்பு 2 மீட்டர் தள்ளி இருந்தால் நேராக வந்து விழுவது ஏறக்குறைய 30 லக்ஸ். அதே பல்பு 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் 330. அதே கரண்ட், அதே பல்பு, பதினோரு மடங்கு வெளிச்சம்.

அந்தச் சந்திலேயே வயரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் இருந்தார். மெயினை அணைத்துவிட்டு, கூரைச் சட்டத்தில் ஒரு சீலிங் ரோஸ் அடித்து, வயரைக் கவ்விப் பிடிக்கும் தொங்கு ஹோல்டர் ஒன்றை இறக்கினார். வயரை முடிச்சுப் போட்டுத் தொங்கவிடக் கூடாது, பல்பின் எடை மின் இணைப்பு மேல் விழக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். அக்கா உட்காரும் இடத்துக்கு முன்னால், கொஞ்சம் இடது கைப்பக்கமாக, மடியிலிருந்து இரண்டடி உயரத்தில் பல்பு நின்றது. வலது கையால் கத்தரி பிடிப்பவருக்கு வெளிச்சம் இடமிருந்து வந்தால்தான் கை நிழல் விழாது. கண்ணுக்கு நேரே பல்பு கூசும் என்பதால், உள்ளே வெள்ளை பூசிய பிளாஸ்டிக் ஷேடு ஒன்றை மாட்டினோம். மேலே போகிற வெளிச்சத்தையும் அது கீழே திருப்பிவிடும். 1200 லூமென், இரண்டடி தூரம், ஷேடு எல்லாம் சேர்ந்தால் தையலுக்குச் சொன்ன 750ஐ நெருங்கலாம்.

"அட, கறுப்புல கூட நூலு நிக்கறது தெரியுதுங்களே" என்றார் அக்கா. கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, அங்கே சுருண்டிருந்த ஒரு முனையைப் பிடித்து வெட்டினார்.

கழற்றி வைத்த பழைய 9 வாட் பல்பும் பெட்டியில்லாமல் வாங்கியதுதான். அது உண்மையில் 9 வாட்தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு, கருவி எதுவும் வேண்டாம். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும். அக்கா வீட்டு மீட்டரில் 3200. ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பழைய பல்பை மட்டும் எரியவிட்டோம். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 36 லட்சத்தை 3200ஆல் வகுத்து, வந்ததை விநாடியால் வகுத்தால் வாட் வரும். 9 வாட் பல்பானால் 125 விநாடிக்கு ஒரு தரம் மின்ன வேண்டும். மூன்று நிமிஷத்தையும் தாண்டித்தான் மின்னியது. அப்படியென்றால் 6.25 வாட்டுக்கும் குறைவு. இரண்டு மூன்று மின்னல்கள் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. தீனியே குறைவு என்றால் பால் எங்கிருந்து வரும் என்று அந்த வயரிங் அண்ணன் கேட்டார். கடைக்காரரின் பேச்சை அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

பக்கத்து வீட்டு முன்னறையில் இரண்டு ஓவர்லாக் மெஷின் போட்டு, கணவனும் மனைவியும் பவர்டேபிள் நடத்துகிறார்கள். மலிவு பல்பு ஏன் அங்கே ஆபத்தும்கூட என்பதை அவர்களிடம் காட்ட வேண்டியிருந்தது. நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம். நல்ல டிரைவரில் இருக்கும் கெப்பாசிட்டர் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். அது இல்லாத, அல்லது போதாத பல்பு விநாடிக்கு நூறு தடவை பிரகாசித்து மங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓவர்லாக் மெஷின் நிமிஷத்துக்கு 6000 தையல் போகும்போது அதன் கைச்சக்கரம் விநாடிக்குச் சரியாக நூறு சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு மின்னலுக்கும் சக்கரம் அதே நிலையில் வந்து நிற்பதுபோலத் தோன்றும், ஓடும் மெஷின் நின்றுவிட்டதாகக் கண் ஏமாறும். வேகம் சற்றுக் கூடினால் மெதுவாக முன்னால் உருள்வதுபோலவும், குறைந்தால் பின்னால் உருள்வதுபோலவும் காட்டும். ஊசிக்கும் கத்திக்கும் பக்கத்தில் விரல் வைத்து வேலை செய்கிறவருக்கு இது விளையாட்டல்ல.

கண்டுபிடிப்பது சுலபம். எரியும் பல்பின் கீழே ஒரு பேனாவை வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தோம். பேனா ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் பல்பு நல்லது. தனித்தனியாகப் பல பேனாக்கள் தெரிந்தால் அது மின்னுகிறது. அந்த வீட்டுப் பல்பில் பேனாக்கள் எண்ணும்படி தெரிந்தன. செல்போன் கேமராவைப் பல்புக்கு நேரே பிடித்தபோதும் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. அந்த அறைக்கு 20 வாட், 2000 லூமென் எல்இடி டியூப்லைட் ஒன்றை மெஷின்களுக்கு மேலே குறுக்காகப் போடுவதுதான் பல்பை விடப் பொருத்தம். நீளமான விளக்கில் கூரான நிழல் விழாது. வாங்கும்போது கடையிலேயே எரியவிட்டுப் பேனாவை ஆட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாக ஆயுள். வாங்கிய பெட்டியில் 25,000 மணி நேரம் என்று இருந்தது. குண்டு பல்பு 1000 மணி நேரம், சிஎஃப்எல் 6000 முதல் 8000 வரை என்று பழகியவர்களுக்கு இது பெரிய எண். தினம் ஆறு மணி நேரம் என்றால் பதினொரு வருஷத்துக்கு மேல். ஆனால் அதே பெட்டியில் கேரண்டி 2 வருஷம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து அக்கா கேட்டார்: "பதினொரு வருசம் எரியும்னா ரெண்டு வருசத்துக்கு மட்டும் ஏனுங்க கேரண்டி?"

நல்ல கேள்வி. 25,000 மணி நேரம் என்பது பல்பு அணைந்துபோகும் நேரமல்ல. புதிதாக இருந்த வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்கு இறங்கும் நேரம். தொழிலில் இதை எல்70 என்பார்கள். அதுவும் பல்பை அத்தனை காலம் எரியவிட்டுப் பார்த்துச் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. இரவு பகலாக எரிந்தாலும் 25,000 மணி நேரத்துக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். அதனால் சில்லை மட்டும் 6000 மணி நேரம் எரியவிட்டு, வெளிச்சம் குறையும் வேகத்தை அளந்து, அங்கிருந்து கணக்குப் போட்டு முன்னே நீட்டுகிறார்கள். சில்லைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் வீட்டில் பல்பு போவது சில்லால் மட்டுமல்ல, டிரைவராலும்தான்.

வயரிங் அண்ணன் தன் பையிலிருந்து செத்துப்போன பல்பு ஒன்றை எடுத்து மேல் கவசத்தைத் திருகிக் கழற்றினார். வட்டத் தகட்டில் மஞ்சள் சதுரங்களாகச் சில்லுகள். ஒன்றின் நடுவில் மட்டும் கறுப்புப் புள்ளி. எல்லாச் சில்லும் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். இன்னொரு பல்பில் சில்லுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. உள்ளே டிரைவரில் இருந்த கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. இந்தக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல உலர்கிறது. 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. தலைகீழாகத் தொங்கும் பல்பில் சில்லின் சூடு மேலே ஏறி நேராக டிரைவருக்குத்தான் போகிறது.

அதனால் பெட்டியில் இருக்கும் ஆயுளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பல்பு மாட்டும் இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்திரை மாதத்தில் சிமெண்ட் அட்டைக் கூரையை ஒட்டி மாட்டிய பல்பு ஒரு பக்கம், அதே வீட்டில் மூன்றடி கீழே தொங்கும் பல்பு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே காலம் உழைக்காது. காற்றுப் போகாத கண்ணாடி உருண்டைக்குள் போட்ட பல்பு இன்னும் சீக்கிரம் போகும். பனியன் ஊருக்கே உரிய இன்னொன்று பஞ்சு. ஓவர்லாக் ஓடும் அறையில் பல்பின் கழுத்தில் பஞ்சுத்தூசி போர்வையாகப் படிந்து சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது, கவசத்தின் மேல் படிந்து வெளிச்சத்தையும் தின்கிறது. மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, பல்பு ஆறிய பிறகு, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஈரத்துணி வேண்டாம்.

வோல்டேஜும் பார்க்க வேண்டியதுதான். சில பெட்டிகளில் 220 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும், சிலவற்றில் 100 முதல் 300 வரை. மோட்டார்களும் பாய்லர்களும் ஓடி வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் அகலமான எல்லை போட்ட பல்பு வாங்குவது நல்லது. அக்காவின் பல்பில் அதைக் கவனித்துத்தான் எடுத்தோம்.

கேரண்டிக்கு வருவோம். தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு வருஷத்துக்கு 4380 மணி நேரம். கம்பெனி பணம் வைத்துப் பொறுப்பேற்கும் எண் அதுதான், 25,000 அல்ல. டிரைவர் சரியில்லாத பல்பு பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்ளேயே காட்டிக் கொடுத்துவிடும். மாற்றிக்கொள்ள பில்லோ வாங்கிய தேதியோ வேண்டும். பில்லை வைத்துக்கொள்கிற பழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. வயரிங் அண்ணன் மார்க்கர் பேனாவை வாங்கி, பல்பின் வெள்ளைக் கழுத்தில் வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் எழுதினார். அந்தக் கடைக்காரர் அந்தத் தேதியைப் பார்த்தே மாற்றிக் கொடுத்துவிடுவாராம். அக்கா அடுத்த மூட்டையை அவிழ்த்தார், கருநீல பீஸ்.